நான்கு எண்களும் ஒரு சிறுகோடும்

கிரிக்கெட் ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில் மட்டையாளர்களுக்கு உரிய மேற்பகுதியைப் புரிந்துகொள்ள யாருடைய துணையும் தேவைப்படுவதில்லை. யார் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார், எப்படி ஆட்டமிழந்தார் என்பதை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதிலிருந்து அறிந்துகொள்வர். அதற்குக் கீழே, பந்துவீச்சாளர்களின் பெயர்களுக்கு எதிரே சிறுகோடுகளால் பிரிக்கப்பட்டு நிற்கும் நான்கு எண்கள்தாம் ஆட்டத்துக்குப் புதியவரைத் தயங்க வைக்கின்றன. 1988 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணியை இந்தியா எதிர்கொண்ட டெஸ்ட் ஆட்டத்தின் பட்டியலில் நரேந்திர ஹிர்வானி என்ற பத்தொன்பது வயது சுழற்பந்துவீச்சாளரின் பெயருக்கு எதிரே 18.3-3-61-8 என்று இருந்தது. அவர் வீசிய ஓவர்கள், அவற்றுள் ஓட்டமே கொடுக்காத மெய்டன் ஓவர்கள், கொடுத்த ஓட்டங்கள், வீழ்த்திய விக்கெட்டுகள் என்பதே இந்த நான்கின் வரிசை. எல்லா நாட்டுப் பட்டியல்களிலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான் பின்பற்றப்படுகிறது.

அந்த ஆட்டம் நடந்த நாள்களில் கட்டுரையாளர் கல்லூரி மாணவராகத் திருவல்லிக்கேணியில் தங்கியிருந்தார். ஆட்டத்தை விளையாடியும் பழகாதவர், பார்த்தும் பழகாதவர். பொங்கல் விடுமுறையை ஒட்டிச் சென்னையில் நடைபெறும் டெஸ்ட் ஆட்டத்தைப் பொங்கல் டெஸ்ட் என்றே ஊரார் அழைத்துவந்தனர் என்பதும், அந்நாள்களில் தேநீர்க்கடை முதல் கோயில் வாசல் வரை வானொலியின் தமிழ் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தது என்பதும் அவர் நினைவில் தங்கியுள்ளன. ஆயினும் ஆட்டத்தின் பக்கம் அவரை இழுத்தது வர்ணனையன்று, மறுநாள் காலை நாளிதழில் வந்த அந்த நான்கு எண்களே. அடுத்த வீட்டில் குடியிருந்த முதியவர் ஒருவர், சென்னை லீக் ஆட்டங்களுக்கு நெடுங்காலம் ஸ்கோரராக இருந்தவர், அவற்றைப் படிக்கும் முறையை அம்மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். “நீ மேலே இருக்கிறதை அப்புறம் படி, முதலில் அடியில் இருக்கிறதைப் பார், ஆட்டம் யார் கையில் இருந்தது என்று அதுதான் சொல்லும்” என்பது அம்முதியவரின் தொடக்கப் பாடமாக இருந்தது.

நான்கனுள் முதலாவதாகிய 18.3 என்பது பார்வைக்குத் தசம எண் போலத் தோன்றினாலும் தசம எண்ணன்று. ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள் என்பதால், புள்ளிக்கு முன்னுள்ள எண் முழு ஓவர்களையும், புள்ளிக்குப் பின்னுள்ள எண் முடிவுறாத ஓவரில் வீசப்பட்ட பந்துகளையும் குறிக்கின்றன, ஆகவே 18.3 என்பது பதினெட்டு ஓவர்களும் மூன்று பந்துகளும், அதாவது பதினெட்டரை ஓவர்கள். பந்துகளாக எண்ணினால் 111. புள்ளிக்குப் பின் 5-க்கு மேற்பட்ட எண் ஒருபோதும் வராது. வந்தால் அச்சுப்பிழை என்று உடனே முடிவுகட்டலாம்.

மூன்றாவதாகிய ஓட்டக் கணக்கிலும் ஓர் உள்விதி இருக்கிறது. பந்துவீச்சாளர் வீசிய ஓவரில் எதிரணி பெற்ற ஓட்டங்கள் அனைத்தும் அவர் கணக்கில் ஏறிவிடுவதில்லை. மட்டையில் படாமல் விக்கெட் கீப்பரையும் தாண்டிச் செல்லும் பந்தில் ஓடி எடுக்கும் பை ஓட்டங்களும், மட்டையாளரின் உடலில் பட்டுச் செல்லும் பந்தில் எடுக்கும் லெக் பை ஓட்டங்களும் அணியின் உதிரிக் கணக்கில் மட்டுமே சேர்கின்றன. எட்டாத தொலைவில் போகும் வைடும், கோட்டைத் தாண்டிக் கால் வைத்து வீசும் நோபாலும் பந்துவீச்சாளரின் தவறுகளே என்பதால் அவற்றுக்கான ஓட்டங்கள் இப்போது அவர் தலையிலேயே விழுகின்றன. ஆனால் அவ்வாறு எழுதும் வழக்கம் 1980-களில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்திய பட்டியல்களை இன்றைய பட்டியல்களோடு ஒப்பிடுகையில் பழையவர்களுக்குச் சிறு சலுகை உண்டு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். விக்கெட் கணக்கிலும் இவ்வாறே: பௌல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங் முதலியன பந்துவீச்சாளருக்கு உரியவை, ரன் அவுட் போன்றவை எந்தப் பந்துவீச்சாளர் பெயரிலும் ஏறா. ஹிர்வானியின் ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் கீப்பர் கிரண் மோரே ஐந்து ஸ்டம்பிங்குகள் செய்தார். அந்த இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளில் எட்டு ஹிர்வானியுடையவை என்பதால், அந்த ஐந்தில் குறைந்தது மூன்றாவது அவர் பந்தில் நிகழ்ந்திருக்கவேண்டும் என்று மேற்பகுதியைப் பாராமலே கணக்கிட்டுவிட முடிகிறது. மட்டையாளர்களைக் கோட்டை விட்டு வெளியே இழுத்து வந்து ஏமாற்றிய பந்துவீச்சு அது என்பதற்கும் அதுவே சான்று.

முதியவர் தம் பழைய ஸ்கோர் புத்தகங்களை ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். அவற்றில் ஒவ்வோர் ஓவருக்கும் ஒரு சிறு கட்டம் உண்டு. ஓட்டம் எதுவும் எடுக்கப்படாத பந்துக்கு ஒரு புள்ளி, எடுக்கப்பட்டால் அதன் எண். ஆறு பந்துகளும் புள்ளிகளாகவே அமைந்துவிட்டால் ஸ்கோரர் அந்த ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில எம் எழுத்தாக வரைவார், அது மெய்டன். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதையே தலைகீழாக்கி டபிள்யூ எழுத்தாக வரைவார். அது விக்கெட் மெய்டன். பை அல்லது லெக் பை மூலம் ஓட்டம் வந்திருந்தாலும், பந்துவீச்சாளர் கணக்கில் அது ஏறாததால், ஓவர் மெய்டனாகவே நிற்கும். இரண்டாவது எண்ணாகப் பட்டியலில் இடம்பெறுவது இந்த எம்-களின் தொகையே. அச்சிட்ட பட்டியலில் வெறும் எண்ணாகத் தெரிவது, கையெழுத்துப் புத்தகத்தில் பக்கம் முழுவதும் பரவிய வடிவமாகத் தெரிந்தது. அடுத்தடுத்து எம்-கள் நிறைந்த பக்கத்தைப் பார்த்தவுடன், அந்த ஒரு மணி நேரம் மைதானத்தில் எப்படிக் கழிந்திருக்கும் என்பது மாணவருக்கு விளங்கலாயிற்று.

எம்-கள் என்றவுடன் முதியவர் எடுத்துக்காட்டியது 1964-ஆம் ஆண்டின் பொங்கல் டெஸ்டை. அப்போது சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் அல்லாமல், பின்னாளில் நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்ற கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்துவந்தன. இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இந்தியா முதலில் ஆடி 7 விக்கெட்டுக்கு 457 ஓட்டங்கள் எடுத்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. எதிர்த்து ஆடிய இங்கிலாந்து அணியில் சிலருக்கு வயிற்றுக் கோளாறு; எஞ்சியவர்கள் ஆட்டத்தை இழந்துவிடாமல் காப்பதே போதும் என்ற எண்ணத்தோடு ஆடினர். பிரையன் போலஸ் 88, கென் பாரிங்டன் 80 எடுத்து நெடுநேரம் நின்றனர். அவர்களுக்கு இடக்கையால் மெதுவாக வீசியவர் பாபு நட்கர்னி. ஆடுகளத்தில் ஒரு நாணயத்தை வைத்து அதன்மேலேயே பந்து விழும்படி பயிற்சி செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு 32-27-5-0.

இந்த வரியை முதன்முறை பார்க்கும் எவருக்கும் அச்சுப்பிழையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. முப்பத்திரண்டு ஓவர்கள் என்பது 192 பந்துகள். அவற்றில் கொடுத்தவை ஐந்தே ஓட்டங்கள். அவர் நான்கு தவணைகளாக வீசினார். ஒரு பந்துவீச்சாளர் இடைவிடாமல் ஒரே முனையிலிருந்து வீசும் அத்தகைய தொடர் வீச்சை ஸ்பெல் என்பர். அவற்றின் கணக்குகள் 3-3-0-0, 7-5-2-0, 19-18-1-0, 3-1-2-0. கூட்டிப்பார்த்தால் எண்கள் சரியாகவே பொருந்துகின்றன. இடையே தொடர்ந்து 21 ஓவர்கள் மெய்டன்களாக அமைந்தன. தொடர்ந்து 131 பந்துகளில் ஓட்டமே இல்லை. எந்த ஒரு ஸ்பெல்லிலும் பதினெட்டுக்கு மேல் மெய்டன்கள் இல்லாதிருக்க, தொடர்ச்சி மட்டும் இருபத்தொன்றாக இருப்பதைக் கொண்டு, அது ஒரு ஸ்பெல்லின் முடிவிலிருந்து அடுத்ததற்கு நீண்டு சென்றது என்பதும் தெரிகிறது. நடுவில் ஓய்வெடுத்துத் திரும்பி வந்த பின்னும் மட்டையாளர்கள் அவரை அசைக்கவில்லை, அல்லது அசைக்க முனையவில்லை.

இந்த ‘அல்லது’தான் மெய்டன்களைப் படிப்பதில் உள்ள இடர். மெய்டன் என்பது பந்துவீச்சாளரின் துல்லியத்தாலும் விளையலாம், மட்டையாளரின் மனமின்மையாலும் விளையலாம். பட்டியல் இரண்டையும் ஒரே எண்ணாக எழுதுகிறது. நட்கர்னியின் கணக்கில் இரண்டும் கலந்தே இருந்தன என்று கொள்வது நேர்மையாகும். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்ட்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தவை என்பதையும், இங்கிலாந்து அந்த இன்னிங்ஸில் 317 எடுத்தது என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தால், மட்டையாளர்கள் நட்கர்னியைத் தொடாமல் விட்டுவிட்டு மறுமுனையில் ஓட்டங்களைத் தேடினர் என்று ஊகிக்க இடமிருக்கிறது. மறுமுனையில் சந்து போர்டே 88 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளை எடுத்தார். ஒருவர் கதவை அடைத்ததால் மற்றவரிடம் விக்கெட்டுகள் விழுந்தனவா என்ற கேள்விக்குப் பட்டியலில் விடை கிடையாது. கேள்வியைத் தூண்டுவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது.

நான்கு எண்களிலிருந்து பிறக்கும் இரு விகிதங்கள் இந்த இடத்தில்தான் தேவைப்படுகின்றன. ஓர் ஓவருக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என்பது எகானமி ரேட், அதாவது சிக்கன விகிதம். ஒரு விக்கெட்டை வீழ்த்தச் சராசரியாக எத்தனை பந்துகள் செலவிட்டார் என்பது ஸ்ட்ரைக் ரேட். இரண்டிலும் எண் சிறியதாக இருப்பதே பந்துவீச்சாளருக்குச் சிறப்பு. மட்டையாளருக்கும் ஸ்ட்ரைக் ரேட் என்று ஒன்று சொல்லப்படுகிறது. அது நூறு பந்துகளுக்கு எத்தனை ஓட்டங்கள் என்பதைக் குறிப்பதால் அங்கே எண் பெரிதாக இருப்பது நல்லது. ஒரே பெயரில் எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு அளவுகளைப் பட்டியலின் மேலும் கீழுமாக வைத்தவர்கள், புதியவர்கள் மீது அவ்வளவாக இரக்கம் கொண்டிருக்கவில்லை.

அந்நாளைய நாளிதழ்களில் இவ்விகிதங்கள் அச்சாவதில்லை. வேண்டுமானால் தாமே வகுத்துக்கொள்ளவேண்டும். நட்கர்னியின் ஐந்து ஓட்டங்களை முப்பத்திரண்டு ஓவர்களால் வகுத்தால் எகானமி சுமார் 0.16. ஸ்ட்ரைக் ரேட்டோ கிடைக்கவே கிடைக்காது: விக்கெட் பூஜ்யமாக இருக்கையில் 192-ஐப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால், அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு சிறுகோடு போடுவதே வழக்கம். மிகச் சிக்கனமான பந்துவீச்சும் விக்கெட் இல்லாத பந்துவீச்சும் ஒரே வரியில் இவ்வாறு சந்திப்பது உண்டு.

ஹிர்வானியின் கணக்கை இதே முறையில் வகுத்தால் முற்றிலும் வேறான மனிதர் ஒருவர் எழுந்து வருகிறார். முதல் இன்னிங்ஸில் 18.3-3-61-8, இரண்டாம் இன்னிங்ஸில் 15.2-3-75-8. முதலாவதில் 111 பந்துகள், இரண்டாவதில் 92 பந்துகள், மொத்தம் 203. விக்கெட்டுகள் 16, ஓட்டங்கள் 136. ஸ்ட்ரைக் ரேட்டுக்கு 203-ஐ 16-ஆல் வகுத்தால் 12.7 வருகிறது; ஏறத்தாழ இரண்டு ஓவர்களுக்கு ஒரு விக்கெட். எகானமிக்கு 203 பந்துகளை ஓவர்களாக்கி, 33 ஓவர் 5 பந்து என்பதை 33.83 என்று தசமத்தில் எழுதிக்கொண்டு வகுத்தால் 4.02 வருகிறது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் 33.5 என்றே வைத்து வகுத்தால் 4.06 கிடைக்கும், வேறுபாடு சிறிதாயினும் தவறு தவறே. டெஸ்ட் ஆட்டத்தில் ஓவருக்கு நான்கு ஓட்டங்கள் கொடுப்பவரைச் சிக்கனமானவர் என்று எவரும் சொல்லார். ஆனால் மேற்கிந்தியத் தீவுகள் அணி 184, 160 என்ற எண்ணிக்கைகளில் சுருண்டது. இந்தியா 255 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. எதிரணி விரைவில் ஆட்டமிழந்துவிடும்போது ஓவருக்கு எத்தனை கொடுத்தார் என்பது எவருக்கும் உறுத்துவதில்லை. தாம் ஆடிய முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் என்பதை 1972-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸ்ஸி 137 ஓட்டங்களுக்குச் செய்திருந்தார். ஹிர்வானி தமக்கு முதல் டெஸ்டான இந்தச் சென்னை ஆட்டத்தில் அதை ஓர் ஓட்டம் குறைவாகச் செய்து முந்தினார்.

ஒரே நகரம், ஒரே பொங்கல் பருவம், இரு வேறு பந்துவீச்சு முறைகள் என்ற அளவில் இந்த ஒப்பீட்டை முதியவர் நிறுத்திக்கொண்டார். ஹிர்வானி 1996-இல் தம் கடைசி டெஸ்டை ஆடி முடித்த பின்னர், இருவருடைய வாழ்நாள் கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கட்டுரையாளருக்குக் கிட்டியபோதுதான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. நட்கர்னி 41 டெஸ்ட்களில் 9,165 பந்துகள் வீசி 2,559 ஓட்டங்கள் கொடுத்து 88 விக்கெட்டுகள் எடுத்தவர். ஹிர்வானி 17 டெஸ்ட்களில் 4,298 பந்துகள் வீசி 1,987 ஓட்டங்கள் கொடுத்து 66 விக்கெட்டுகள் எடுத்தவர். ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டங்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்பதே பந்துவீச்சுச் சராசரி. அதன்படி நட்கர்னிக்கு 29, ஹிர்வானிக்கு 30. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒரே தராசில் ஒரே எடை.

இந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது என்பதை இரு விகிதங்களும் விளக்குகின்றன. நட்கர்னியின் எகானமி 1.67, ஸ்ட்ரைக் ரேட் 104. அதாவது ஒரு விக்கெட்டுக்காக அவர் பதினேழு ஓவர்களுக்கு மேல் பொறுமையாக வீசினார், ஆனால் ஒவ்வோர் ஓவருக்கும் இரண்டு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. ஹிர்வானியின் எகானமி 2.77, ஸ்ட்ரைக் ரேட் 65. அவர் பதினோரு ஓவர்களுக்குள் விக்கெட்டைப் பெற்றார், ஆனால் ஓவருக்கு ஏறத்தாழ மூன்று ஓட்டங்களைச் செலவிட்டார். எகானமியை ஸ்ட்ரைக் ரேட்டால் பெருக்கி ஆறால் வகுத்தால் சராசரி வரும் என்பது கணக்கின் எளிய விளைவு. ஒருவர் சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கினார், மற்றவர் நடுத்தரமான இரண்டைப் பெருக்கினார், விடை ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தது. எனவே சராசரி என்பது இரு வேறு குணங்களின் பெருக்கற்பலன். அதைத் தனியே படிப்பவர் பந்துவீச்சாளரின் தரத்தை ஓரளவு அறிவார், அவருடைய இயல்பை அறியமாட்டார். அணித்தலைவருக்கோ தேவைப்படுவது அந்த இயல்பே: ஐந்தாம் நாளில் எதிரணியை வீழ்த்தவேண்டும் என்றால் ஹிர்வானியும், எதிரணி ஓடிவிடாமல் ஒரு முனையைக் கட்டிவைக்கவேண்டும் என்றால் நட்கர்னியும் வேண்டும்.

வாழ்நாள் கணக்கிலும் ஒரு மறைவிடம் உண்டு. ஹிர்வானியின் அறுபத்தாறு விக்கெட்டுகளில் பதினாறு அந்த ஒரே சென்னை ஆட்டத்தில் வந்தவை. அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டு எஞ்சிய பதினாறு டெஸ்ட்களை மட்டும் கணக்கிட்டால் 4,095 பந்துகள், 1,851 ஓட்டங்கள், 50 விக்கெட்டுகள். சராசரி 37-க்கு ஏறிவிடுகிறது, ஸ்ட்ரைக் ரேட் 82 ஆகிவிடுகிறது. எகானமி மட்டும் 2.71 என்று கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கிறது. விக்கெட்டுகள் அரிதாக நிகழ்பவை என்பதால் அவற்றை வகுக்கும் எண்ணாகக் கொண்ட விகிதங்களை ஓர் ஆட்டம் அசைத்துவிடுகிறது. பந்துகளோ ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவற்றின் மேல் நிற்கும் எகானமி எளிதில் அசைவதில்லை. குறைந்த ஆட்டங்கள் ஆடிய ஒருவரின் ஸ்ட்ரைக் ரேட்டைக் கண்டு வியப்பதற்கு முன், அதில் ஒரே ஒரு நாளின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது பயன்தரும்.

இரு விகிதங்களும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு 1956 ஜூலையில் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த டெஸ்டைவிடச் சிறந்த பாடம் இல்லை. இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் அதில் 16.4-4-37-9 என்றும் 51.2-23-53-10 என்றும் வீசிப் பத்தொன்பது விக்கெட்டுகளை எடுத்தார். அவருக்கு எதிர்முனையில் வீசிய டோனி லாக் 14-3-37-1 என்றும் 55-30-69-0 என்றும் முடித்தார். ஓவர்களைக் கூட்டினால் லேக்கருக்கு 68, லாக்குக்கு 69. லேக்கரின் மிஞ்சிய நான்கு பந்துகளும் இரண்டு பந்துகளும் சேர்ந்து ஒரு முழு ஓவராகிவிடுவதைக் கவனிக்கலாம். எகானமி லேக்கருக்கு 1.32, லாக்குக்கு 1.54, மெய்டன்களில் லாக்குக்கே 33, லேக்கருக்கு 27. இம்மூன்றையும் மட்டும் அறிந்தவர் இருவரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் வீசினர் என்றே எழுதிவிடுவார். ஸ்ட்ரைக் ரேட்டைக் கேட்டால்தான் லேக்கருக்கு 21 பந்துகளுக்கு ஒரு விக்கெட் என்பதும், லாக்குக்கு 414 பந்துகளில் ஒரே விக்கெட் என்பதும் தெரியவருகின்றன. அதே ஆடுகளம், அதே மட்டையாளர்கள், லாக்கும் அந்நாளின் தேர்ந்த சுழற்பந்துவீச்சாளர்களுள் ஒருவர். அவர் பந்துகள் மட்டையைக் கடந்து சென்றுகொண்டிருந்தனவா, அல்லது மட்டையாளர்கள் அவரை எளிதாகத் தடுத்துக்கொண்டிருந்தனரா என்பதை நான்கு எண்களும் சொல்வதில்லை.

ஆஸ்திரேலிய மைதானங்களின் பழைய பட்டியல்களைப் படிப்பவர் மேலும் ஒன்றை அறிந்திருக்கவேண்டும்: 1978-79 பருவம் வரை அங்கே ஓர் ஓவருக்கு எட்டுப் பந்துகள். அத்தகைய பட்டியலில் எகானமியை நேராக ஒப்பிட்டால் பந்துவீச்சாளர் வள்ளலாகத் தோன்றுவார். பந்துகளாக மாற்றிக்கொண்ட பின்னரே ஒப்பிடவேண்டும். ஸ்ட்ரைக் ரேட் தொடக்கத்திலிருந்தே பந்துகளைக் கொண்டு அளக்கப்படுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

ஓவர் எண்ணிக்கைக்கு வரம்பு வகுக்கப்பட்ட ஆட்டங்கள் பெருகிய பின்னர் இதே நான்கு எண்களின் முதன்மை வரிசை மாறிவிட்டது. டெஸ்டில் பந்துகளுக்குப் பஞ்சமில்லை, விக்கெட்டுக்கே பஞ்சம். இருபது ஓவர் ஆட்டத்தில் எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் எடுக்காமலே வென்றுவிட முடியும் என்பதால் எகானமி முன்னுக்கு வந்துவிட்டது. ஒருவர் வீசக்கூடியவை நான்கே ஓவர்கள். மட்டையாளர் ஒவ்வொரு பந்தையும் அடிக்க முனையும் அச்சூழலில் ஒரு மெய்டன் கிடைப்பதே அரிது. நியூசிலாந்தின் லாக்கி ஃபெர்குசன் 2024 உலகக் கோப்பையில் பப்புவா நியூ கினியாவுக்கு எதிராக 4-4-0-3 என்று முடித்தது, எதிரணியின் வலிமைக் குறைவையும் சேர்த்தே படிக்கவேண்டிய கணக்கு. அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஜஸ்ப்ரித் பும்ரா பெற்ற 4-0-18-2 என்பதில் மெய்டனே இல்லை. ஆனால் அதன் எடை கூடுதல்.

2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் நடந்த அந்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 177 என்ற இலக்கைத் துரத்தி 8 விக்கெட்டுக்கு 169-இல் நின்றது. ஓவருக்குச் சராசரியாக 8.45. எகானமியை மதிப்பிடச் சிறந்த அளவுகோல் அந்த ஆட்டத்தின் இந்தச் சராசரியே. வேறோர் ஆட்டத்தின் எகானமியைக் கொண்டுவந்து ஒப்பிட்டால் ஆடுகளமும் மைதானத்தின் அளவும் இடையில் குறுக்கிடும். அந்தச் சராசரி வேகத்தில் நான்கு ஓவர்களில் ஏறத்தாழ 34 ஓட்டங்கள் சென்றிருக்கவேண்டும்; பும்ரா கொடுத்தவை 18, அதாவது பதினாறு குறைவு. இந்தியா வென்றதோ ஏழே ஓட்டங்களில். மறுபக்கம் அக்சர் படேலின் கணக்கு 4-0-49-1, எகானமி 12.25, ஹார்திக் பாண்டியாவின் கணக்கு 3-0-20-3, பும்ராவைவிடச் சிறந்த ஸ்ட்ரைக் ரேட், பும்ராவைவிடக் கூடுதலான எகானமி.

இப்போதைய பட்டியல்களில் எகானமி அச்சாகிறது. ஓட்டம் கொடுக்காத பந்துகள், கொடுத்த நான்குகள், ஆறுகள், வைடுகள் முதலிய எண்களும் வரிசையாக இடம்பெறுகின்றன. தாளும் பென்சிலும் கொண்டு வகுத்துப் பார்த்த காலத்தைச் சேர்ந்தவர்களுக்கு இது வசதியே. இருந்தும் ஒரு செய்தி மட்டும் எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை: எந்த ஓவர் எப்போது வீசப்பட்டது என்பது. அக்சர் வீசிய பதினைந்தாவது ஓவரில் 24 ஓட்டங்கள் சென்றபின், தென்னாப்பிரிக்காவுக்கு எஞ்சிய முப்பது பந்துகளில் முப்பதே ஓட்டங்கள் தேவைப்பட்டன. பதினாறாவது ஓவரைப் பும்ரா வீசினார், நான்கு ஓட்டங்கள். பதினேழாவதைப் பாண்டியா வீசினார், மேலும் நான்கு ஓட்டங்களோடு கிளாசனின் விக்கெட். பதினெட்டாவதை மீண்டும் பும்ரா வீசினார், இரண்டு ஓட்டங்களோடு யான்சனின் விக்கெட். அவர் கொடுத்த பதினெட்டில் இந்தப் பன்னிரண்டு பந்துகளுக்கு உரியவை ஆறே ஓட்டங்கள். மற்ற பன்னிரண்டும் அவருடைய முன்னைய இரு ஓவர்களில் சென்றவை. பட்டியலில் நான்கு ஓவர்களுக்கும் சேர்த்து 4.50 என்றே இருக்கிறது.